வெளிநாட்டில் இறந்தவரின் உடலைக் கேட்டுத் தூதரகத்துக்கு எழுதும் கடிதம்: என்ன இருந்தால் உடல் நகரும்?

"சவூதியில் இறந்த மீனவரின் உடலைக் கொண்டுவரக் கோரி ஆட்சியரிடம் மனைவி மனு." தங்கச்சிமடம், பாம்பன், தேவிபட்டினம், பெரியபட்டினம், தொண்டி என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறி இந்தச் செய்தி ராமநாதபுரம் பக்கப் பதிப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. உடல் வந்து சேர்ந்த செய்தி வர மூன்று வாரம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். நடுவில் அந்த வீடு தினமும் கேட்பது "பாடி எப்ப வரும்?" என்ற ஒரே கேள்விதான். மனு கொடுத்தாயிற்று, எம்.எல்.ஏ., எம்.பி. எல்லோரையும் பார்த்தாயிற்று, இன்னும் ஏன் வரவில்லை என்று ஊரும் குழம்புகிறது.

தாமதத்துக்கான காரணம் எல்லாமே அந்த நாட்டில் இருப்பதில்லை. இங்கிருந்து போகும் கடிதத்தில் இருக்க வேண்டிய சில வரிகள் இல்லாததும் ஒரு பெரிய காரணம். அந்த வரிகள் எவை, ஒவ்வொன்றும் அங்கே யாருக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம். நாட்டுக்கு நாடு நடைமுறை மாறும் என்பதால், இந்தக் கரையிலிருந்து பலர் மீன்பிடி வேலைக்குப் போகும் சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

## உடல் யார் கையில் இருக்கிறது?

தூதரகத்தின் கையில் இல்லை. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். வேலைக்குப் போனவர் அறையிலோ, படகிலோ, ஆஸ்பத்திரியிலோ இறந்தால் உடல் அரசு மருத்துவமனையின் பிணவறைக்குப் போகிறது. அதை வெளியே எடுக்க உள்ளூர் போலீஸின் கடிதம் வேண்டும். நாட்டை விட்டு அனுப்ப, உயிரோடு இருப்பவருக்குப் போடுவதைப் போலவே, ஜவாசாத் எனப்படும் கடவுச்சீட்டு அலுவலகம் அவருடைய அக்காமாவை, அதாவது அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதியை, முடித்து "இறுதி வெளியேற்றம்" போட வேண்டும். அங்கே வேலை செய்யும் எவருடைய அக்காமாவும் ஒரு முதலாளியின், அதாவது கபீலின், பேரில்தான் இருக்கும். அதனால் கபீலோ அவருடைய ஆளோ வந்து நின்றால்தான் பல காகிதங்கள் நகரும்.

இதில் இந்தியத் தூதரகத்துக்கு உரிய இடம் எது? மருத்துவமனை, போலீஸ் காகிதங்களைப் பார்த்து, இறப்பைப் பதிவு செய்து, கடவுச்சீட்டை ரத்து செய்து, "உடலை இந்தியாவுக்குக் கொண்டுபோக எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று தடையில்லாச் சான்று கொடுப்பது தூதரகத்தின் வேலை. உடலை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை தூதரகத்துக்கும் கிடையாது, கபீலுக்கும் கிடையாது. அது குடும்பத்துக்கு மட்டுமே உண்டு. குடும்பம் அதை எழுத்தில் சொல்லாதவரை, தடையில்லாச் சான்றை யார் கையில் கொடுப்பது என்றே தூதரகத்துக்குத் தெரியாது.

## கடிதத்துக்கு இரண்டு வேலை

நம் ஊரில் எழுதப்படும் பெரும்பாலான மனுக்கள் துயரத்தைச் சொல்கின்றன. எத்தனை பிள்ளைகள், எவ்வளவு கடன், யார் சம்பாதிப்பார்கள் என்று ஒரு பக்கம் நிறைந்துவிடும். அது எல்லாம் உண்மைதான், எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் ரியாத் தூதரகத்தில் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி தேடுவது வேறு இரண்டு விஷயங்களை.

ஒன்று, விருப்பம். உடல் ஊருக்கு வர வேண்டுமா, அங்கேயே அடக்கம் செய்யலாமா? கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பல முஸ்லிம் குடும்பங்கள் அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் தருகிறார்கள். அதற்கும் எழுத்தில் சம்மதம் வேண்டும். "ஆவன செய்யுங்கள்" என்று மட்டும் முடியும் மனுவில் இந்த விருப்பம் தெளிவாக இருக்காது.

இரண்டு, அதிகாரம். அங்கே மருத்துவமனைக்கும் போலீஸுக்கும் ஜவாசாத்துக்கும் விமானச் சரக்கு அலுவலகத்துக்கும் குடும்பத்தின் சார்பில் யார் போவார்? அவருடைய பெயர், அக்காமா எண், கைபேசி எண் என்ன? இதைத்தான் அங்கே வேலை செய்யும் நம்மவர்கள் "பவர் அனுப்புங்க" என்று போனில் கேட்கிறார்கள். முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய அதிகார ஆவணம் அது.

ஆக, கடிதமும் பவரும் ஒன்றாகப் போக வேண்டும். கடிதம் மட்டும் போனால் அதன்மேல் கோப்பு திறப்பார்கள், அத்தோடு நிற்கும்.

## ஓர் எடுத்துக்காட்டு

இந்தக் கரையில் அடிக்கடி நடப்பதை ஒட்டி ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர், வயது 46, ஜுபைலில் ஒரு கபீலின் படகில் வேலை. இரவில் அறையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. உடன் தங்கியிருந்த பாம்பன்காரர் ஊருக்குப் போன் செய்கிறார். வீட்டில் மனைவி, படிக்கிற இரண்டு பிள்ளைகள், கணவரின் தாய்.

ஜுபைல் கிழக்கு மாகாணத்தில் இருப்பதால் கடிதம் போக வேண்டியது ரியாத்திலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு. ஜித்தாவிலுள்ள துணைத் தூதரகம் மேற்குப் பகுதியைப் பார்ப்பது. இறந்த இடம் எது என்று தெரியாமல் ஜித்தாவுக்கு அனுப்பிவிட்டால், அங்கிருந்து ரியாத்துக்குப் போய்ச் சேர நாளாகும். அதனால் "சவூதியில்" என்று நிறுத்தாமல் ஊர், மருத்துவமனை இரண்டையும் உடன் இருந்தவரிடம் முதல் போனிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த மனைவியின் கடிதம் கீழே உள்ளது போல இருந்தால் போதும். அனுப்பும்போது ஆங்கிலத்தில் இருப்பது நல்லது, கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

> பெறுநர்: இந்தியத் தூதரகம், ரியாத் (சமூக நலப் பிரிவு)
>
> ஐயா / அம்மையீர், என் கணவர் (கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயர்), கடவுச்சீட்டு எண் ____, அக்காமா எண் ____, (தேதி) அன்று ஜுபைலில் இறந்துவிட்டதாகத் தகவல் வந்துள்ளது. அவரது உடல் (மருத்துவமனை பெயர்) பிணவறையில் இருக்கிறது. அவருடைய முதலாளி (பெயர், கைபேசி எண்).
>
> நான் அவரது சட்டப்படியான மனைவி. என் கணவரின் உடலை இந்தியாவுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அவரது தாயாரும் இதற்குச் சம்மதித்துக் கீழே கையெழுத்திட்டுள்ளார்.
>
> உடலைப் பெற்று அனுப்பிவைப்பதற்கான எல்லா வேலைகளையும் செய்ய ஜுபைலில் வேலை செய்யும் (பெயர், அக்காமா எண், கைபேசி எண்) என்பவருக்கு இத்துடன் உள்ள ஆவணத்தின் மூலம் அதிகாரம் அளிக்கிறேன். இந்த அதிகாரம் உடலை அனுப்புவதற்கு மட்டுமே. சம்பளப் பாக்கி, பணிக்கொடை, இழப்பீடு எதையும் பெறவோ விட்டுக்கொடுக்கவோ இது பொருந்தாது.
>
> உடலை அனுப்பும் செலவை முதலாளி ஏற்க வேண்டுமென வேண்டுகிறேன். அவர் ஏற்காவிட்டால் அதைச் செலுத்தும் வசதி எங்களுக்கு இல்லாததால், இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இந்தியாவில் உடலைப் பெறுபவர்: (பெயர், ஆதாரில் உள்ளபடி), கைபேசி எண் ____, விமான நிலையம் ____.

இதோடு கடவுச்சீட்டு நகல், அக்காமா நகல், மனைவியின் ஆதார், குடும்ப அட்டை, பவர் ஆகியவற்றை வைக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். அது தாசில்தார் அலுவலகத்தில் விசாரணை முடிந்து வர நாள் பிடிக்கும். உடலை அனுப்பக் குடும்பத்தின் சம்மதமும் உறவுக்கான சான்றும்தான் முதல் தேவை. வாரிசுச் சான்றிதழ் பிறகு பணம் வாங்கும்போது கட்டாயமாகும்.

## எங்கே சிக்குகிறது?

1. பெயர். நம் ஊர்ப் பெயர்களில் இதுதான் முதல் சிக்கல். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்தும் பெயரும் இருக்கும். கடவுச்சீட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பா பெயராகக் குடும்பப்பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அக்காமாவில் அதையே அரபியில் ஒலிபெயர்த்து வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். ஊரில் கூப்பிடும் பெயரோ இன்னொன்று. மனுவில் ஊர்ப்பெயரைப் போட்டுவிட்டால் மருத்துவமனைப் பதிவேட்டோடு பொருந்தாது. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே பார்த்து எழுதி, பக்கத்தில் கடவுச்சீட்டு எண்ணைப் போடுவதுதான் வழி. வீட்டில் நகல் இல்லையென்றால் அனுப்பிவைத்த ஏஜென்ட்டிடமோ பழைய விசா காகிதத்திலோ கிடைக்கும்.

2. மனைவி என்பதற்குச் சான்று. பலர் கல்யாணத்துக்கு முன்பே கடவுச்சீட்டு எடுத்துவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் துணைவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அப்போது திருமணப் பதிவுச் சான்று கேட்பார்கள். பதிவு செய்யாத குடும்பங்கள், கணவன் மனைவி இருவர் பெயரும் உள்ள குடும்ப அட்டையோடு, பங்குக் கோயில் திருமணப் பதிவேட்டின் சான்றையோ ஜமாஅத் நிக்காஹ் பதிவின் நகலையோ சேர்த்து, அதை உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்லி நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும்.

3. இரண்டு கடிதம். இது வேதனையானது, ஆனால் நடக்கிறது. மனைவி ஒருவருக்குப் பவர் கொடுப்பார். அண்ணன் தனியாக இன்னொருவருக்குக் கொடுப்பார். அல்லது மனைவி உடல் வேண்டும் என்பார், வேறொரு சொந்தக்காரர் அங்கேயே அடக்கலாம் என்று கபீலிடம் போனில் சொல்லிவிடுவார். குடும்பத்திலிருந்து இரண்டு குரல் வந்தால் தூதரகம் நிறுத்திவைக்கும். அதனால்தான் மேலே உள்ள கடிதத்தில் தாயாரின் கையெழுத்தும் சேர்கிறது. பேச வேண்டியதை நோட்டரியிடம் போகும் முன்பே வீட்டுக்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

4. பவர் வாங்கும் ஆள். சொந்தக்காரர் என்பதற்காக ஜித்தாவிலோ துபாயிலோ இருப்பவருக்கு எழுதாதீர்கள். கிழக்கு மாகாணத்தின் தலைநகரான தம்மாமிலிருந்து ரியாத்தே 400 கிலோமீட்டர் தூரம். இறந்த ஊரிலேயே இருப்பவர், செல்லும் அக்காமா உள்ளவர், சில நாள் வேலையை விட்டு அலைய முடிந்தவர் வேண்டும். தன் கபீலை விட்டு ஓடியதாக ஹுரூப் போடப்பட்ட ஒருவரால், எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும், போலீஸ் நிலையத்துக்குள் போக முடியாது.

## செலவு யாருடையது?

சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. இறந்த தொழிலாளியின் உடலைத் தயார் செய்து, ஒப்பந்தம் போட்ட அல்லது ஆளெடுத்த இடத்துக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. குடும்பச் சம்மதத்தோடு அங்கேயே அடக்கம் செய்தாலோ, அந்தச் செலவைச் சமூகக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டாலோ மட்டுமே விலக்கு. அதனால் "நாங்களே பணம் கட்டுகிறோம், சீக்கிரம் அனுப்புங்கள்" என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடக் கூடாது. அப்படி எழுதிய பிறகு கபீலை வற்புறுத்தத் தூதரகத்துக்குப் பிடி இருக்காது.

கபீல் கையை விரிப்பதும் உண்டு. இறந்தவர் மீது ஹுரூப் இருந்தால் "அவன் என் ஆள் இல்லை" என்பார். விசா ஒருவரிடமும் வேலை வேறொருவரிடமும் என்று இருந்தவர்களுக்கும் இதே கதி. இந்த இடத்துக்காகத்தான் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. 2009இல் தொடங்கப்பட்டு, 2017இல் விதிகள் விரிவாக்கப்பட்ட இந்த நிதி தூதரகங்களிடமே உள்ளது. முதலாளியோ காப்பீடோ செலவை ஏற்காதபோது, வசதியில்லாத குடும்பத்துக்கு உடலை அனுப்பும் செலவை இதிலிருந்து கொடுக்கலாம். கேட்டால்தான் பரிசீலிப்பார்கள், அதனால் கடிதத்தில் அந்த வரி அவசியம்.

இன்னொரு காப்பீடு பற்றியும் குழப்பம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் சவூதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயம். அதன் 10 லட்ச ரூபாய் விபத்தில் இறந்தால்தான். நம் எடுத்துக்காட்டில் வந்தது போன்ற மாரடைப்புக்கு அது கிடைக்காது. படகில் கயிறு இழுத்து, வின்ச்சில் அடிபட்டு இறந்தவருக்குக் கிடைக்கும், பாலிசி காலாவதியாகாமல் இருந்தால்.

## சாவில் சந்தேகம் இருந்தால்

நோயால் இறந்ததாக மருத்துவமனை சொன்னால் காகிதங்கள் ஓரளவு வேகமாக நகரும். விபத்து, தற்கொலை, அடிதடி என்றால் போலீஸ் விசாரணையும் தடய மருத்துவ அறிக்கையும் முடியும்வரை உடலை விட மாட்டார்கள். அதைத் தூதரகத்தால் அவசரப்படுத்த முடியாது.

குடும்பத்துக்கே சந்தேகம் இருந்தால் அதை முதல் கடிதத்திலேயே சொல்ல வேண்டும், காரணத்தோடு. கடைசியாக எப்போது பேசினார், யாரோடு பிரச்சினை என்றார், சம்பளம் எத்தனை மாதம் நின்றது என்பதை எழுதி, பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டும். உடல் வந்த பிறகு இங்கே போலீஸில் புகார் கொடுத்து மறுபரிசோதனை கேட்கலாம்தான். ஆனால் விமானத்தில் ஏற்றும் முன் எம்பாமிங் செய்வார்கள். அந்த மருந்து உடலுக்குள் போன பிறகு விஷம், மது போன்றவற்றைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். எலும்பு முறிவும் காயமும் தெரியும், மற்றது மறைந்துபோகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கபீலின் ஆள் சில நேரம் தானே ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, நாலு நாள்ல பாடி வந்துரும்" என்பார். அதில் "இயற்கை மரணம், யார் மீதும் சந்தேகம் இல்லை, பாக்கி எதுவும் இல்லை" என்ற வரிகள் கலந்திருக்கும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யாரும் அதைப் படிப்பதில்லை. உடலை அனுப்ப அந்த மூன்று வரியும் தேவையில்லை. அவற்றை நீக்கி, தங்கள் கடிதத்தையே அனுப்பலாம்.

## எங்கே கொடுப்பது?

மூன்று வழி உண்டு, மூன்றிலும் ஒரே காகிதம் போக வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் `madad.gov.in` தளத்தில் பதிந்தால் ஒரு புகார் எண் கிடைக்கும், அது நேராகச் சம்பந்தப்பட்ட தூதரகத்துக்குப் போகிறது. தூதரகத்தின் சமூக நலப் பிரிவுக்கு மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். மூன்றாவது, ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகம். அங்கே கொடுத்தது சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்குப் போய், அங்கிருந்து தூதரகத்துக்குப் போகும். ஆட்சியர் மனுவிலும் அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டால், ரியாத்தில் இரண்டும் ஒரே கோப்பில் சேரும்.

## விமான நிலையத்தில்

உடல் பயணிகள் வாசலில் வராது, சரக்கு முனையத்தில்தான் வரும். பெட்டியை இறக்க விமான நிலையச் சுகாதார அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இதற்காக 2023 ஆகஸ்டில் இ-கேர் என்ற இணைய முறை வந்தது. இறப்புச் சான்று, எம்பாமிங் சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்தான கடவுச்சீட்டின் நகல் ஆகிய நான்கையும் அனுப்புகிறவர் முன்கூட்டியே அதில் ஏற்ற வேண்டும். விமானச் சரக்குச் சீட்டில் பெறுநர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரே அசல் அடையாள அட்டையோடு நிற்க வேண்டும். கடிதத்தின் கடைசி வரியில் பெறுபவர் பெயரை ஆதார்ப்படி எழுதச் சொன்னது இதற்காகத்தான். விமான நிலையத்திலிருந்து ஊர் வரை ஆம்புலன்ஸுக்கு, ஏழைக் குடும்பங்களுக்கு ஆணையரகம் மூலம் அரசே ஏற்பாடு செய்கிறது. உடல் கிளம்பும் தேதி தெரிந்தவுடன் ஆணையரகத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

## அடக்கம் முடிந்த பிறகு

சம்பளப் பாக்கி, பணிக்கொடை, விபத்தென்றால் இழப்பீடு ஆகியவற்றுக்குத் தனிப் பவர், வாரிசுச் சான்றிதழ், அவற்றுக்கு உரிய சான்றொப்பம் எல்லாம் வேண்டும். இந்த வேலை மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் போகும். பணம் வந்தால்தான் உடலை வாங்குவோம் என்று நிற்பதால் கபீலுக்கு எந்த நெருக்கடியும் வராது. உடல் பிணவறையில் கிடக்கும், அவ்வளவுதான். உடல் வந்துவிட்டதால் பாக்கியைக் கேட்கும் உரிமையும் போகாது.

இதற்கெல்லாம் அடிப்படை, தூதரகம் தரும் இறப்புச் சான்று. மரணம் நடந்த இடத்தில்தான் பதிவாகும் என்பதால், இங்கே அடக்கம் செய்திருந்தாலும் ஊராட்சியிலோ நகராட்சியிலோ இறப்புச் சான்று கொடுக்க மாட்டார்கள். பெட்டியோடு வரும் காகித உறையிலோ, பவர் வாங்கியவரிடமோ அந்த அசல் இருக்கும். விதவை உதவித்தொகைக்கும், வங்கிக் கணக்குக்கும், படகுக் கடனுக்கும் அதைத்தான் கேட்பார்கள். சுடுகாட்டிலும் கல்லறையிலும் கொடுப்பதற்கு நகலை எடுத்துவைத்துக்கொண்டு, அசலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.